தேர் இல்லாத தேர்க்கூட்டம்

"அண்ணா, பால்வீதியின் சுருள் கைகள் நட்சத்திரங்களைக் கோத்துவைத்த தடி மாதிரி இல்லையாம், நகரும் அடர்த்தி அலைகளாம். ஆனால் படத்தில் கை கண்ணுக்குத் தெரிகிறது, அதில் நட்சத்திரங்களும் இருக்கின்றன. அப்புறம் அது எப்படி அலையாகும்?"
— சாட்ஸ்வொர்த், டர்பன்

கை இருப்பது உண்மைதான் தங்கச்சி, அதில் நட்சத்திரங்கள் இருப்பதும் உண்மைதான். ஆனால் இன்றைக்கு அந்தக் கையில் இருக்கிற நட்சத்திரங்களில் பெரும்பாலானவை அங்கே குடியிருப்பவை அல்ல, வழியில் போகிறவை. சில கோடி ஆண்டுகளில் அவை கையைக் கடந்து மறுபக்கம் போய்விடும், பின்னாலிருந்து வேறு நட்சத்திரங்கள் வந்து சேரும். நெரிசல் மட்டும் இருக்கும், ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

தடி என்று வைத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகிறது என்பதை ஒரு கப் கறுப்புக் காபியிலேயே பார்க்கலாம். கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு கோடாகப் பாலை விட்டுப் பாருங்கள். முதல் ஒன்றிரண்டு சுற்றில் அழகான சுருள் வரும், கேலக்ஸி படம் போலவே இருக்கும். நான் பள்ளியில் இதைச் செய்துகாட்டும்போது பிள்ளைகள் போன் எடுப்பதற்குள் அந்தச் சுருள் போய்விடும். ஐந்தாறு சுற்றுக்குள் கோடு மெலிந்து, நெருங்கி, எல்லாம் ஒரே தவிட்டு நிறமாகிவிடும். உள்ளே இருக்கிற காபி ஒரு சுற்று முடிக்கும் நேரத்தில் வெளியே இருப்பது அரைச் சுற்றுகூட வந்திருக்காது. அதுதான் காரணம்.

பால்வீதியிலும் அதே கதைதான். சூரியன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி, நொடிக்குச் சுமார் 230 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஹைட்ரஜன் வாயு வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலையை வைத்து மற்ற இடங்களின் வேகத்தையும் அளந்திருக்கிறார்கள். மையத்தை ஒட்டிய பகுதியை விட்டுவிட்டால், உள்ளேயும் வெளியேயும் வேகம் பெரிதாக மாறவில்லை, எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட அதே 230தான். வேகம் ஒன்று, பாதையின் நீளம் வேறு. அப்படியானால் சுற்றி முடிக்கும் நேரமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். மையத்திலிருந்து 13,000 ஒளியாண்டில் இருக்கும் நட்சத்திரத்துக்கு ஒரு சுற்று 10.7 கோடி ஆண்டு, 26,000இல் இருக்கும் நமக்கு 21.4 கோடி ஆண்டு.

இந்த இரண்டு இடத்தையும் இணைத்து நேராக ஒரு தடி வையுங்கள். நாம் நாலு சுற்று முடிக்கும்போது, அதாவது 86 கோடி ஆண்டில், உள்முனை எட்டுச் சுற்று முடித்திருக்கும். தடி நாலு முறை முறுக்கிக்கொண்டாயிற்று. பால்வீதித் தட்டின் வயதை ஆயிரம் கோடி ஆண்டு என்று வைத்தால், உள்முனை நம்மைவிட 46 சுற்று அதிகம் சுற்றியிருக்கும். 13,000 ஒளியாண்டு அகலத்துக்குள் 46 முறுக்கு என்றால் ஒரு முறுக்குக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 280 ஒளியாண்டுதான். தட்டின் கனமே சுமார் ஆயிரம் ஒளியாண்டு இருக்கும்போது, இந்த முறுக்கெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, நம் காபி மாதிரி ஒரே பூச்சாகத்தான் தெரியும். ஆனால் நிஜத்தில் நமக்கு அடுத்தடுத்த கைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ஒளியாண்டு இடைவெளி இருக்கிறது. இதை "முறுக்கேறும் சிக்கல்" என்பார்கள்.

முறுக்காத இரும்புத் தடியாக இருந்தால்? அப்போது இருமடங்கு தூரத்தில் இருப்பது இருமடங்கு வேகத்தில் ஓட வேண்டும், நொடிக்கு 460 கி.மீ. அளந்து பார்த்தால் அப்படி இல்லை. இழுத்துப் பிடிக்க நட்சத்திரங்களுக்கு நடுவே எதுவும் கிடையாது. தெற்கு வானின் சிலுவையான திரிசங்குவைக் காட்டும் இரண்டு நட்சத்திரங்களில் பிரகாசமானது ஆல்ஃபா சென்டாரி, நமக்கு மிக அருகில் இருப்பது. அதுவே நாலு ஒளியாண்டுக்கு மேல் தள்ளி இருக்கிறது.

சரி, தடி இல்லை. அலை என்றால் என்ன?

தைப்பூசக் காவடி அன்று தேர் தெருவில் வரும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தேர் மெதுவாக நகர்கிறது. அதைச் சுற்றி ஐம்பது, அறுபது அடிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. முன்னாலும் பின்னாலும் தெரு காலியாகத்தான் இருக்கும். பின்னாலிருந்து வேகமாக வருகிறவர் கூட்டத்துக்குள் நுழைந்ததும் வேகம் குறைகிறது. தேங்காய், கற்பூரத் தட்டைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் கூடவே நடந்து, முன்பக்கமாக வெளியேறி, கோயிலை நோக்கி மறுபடியும் வேகம் பிடிக்கிறார். மேலே ஹெலிகாப்டரிலிருந்து பார்க்கிறவருக்கு "ஒரு கூட்டம் தெருவில் நகர்கிறது" என்றுதான் தெரியும். காலையில் அதில் இருந்த ஒருவர்கூட மதியம் அதில் இல்லாமல் இருக்கலாம், கூட்டம் மட்டும் இருக்கும். கூட்டத்தின் வேகம் வேறு, ஆட்களின் வேகம் வேறு. சுருள் கையும் இப்படித்தான்.

ஆனால் இந்த உவமை ஒரு இடத்தில் உடைகிறது, அந்த இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. தெருவில் கூட்டத்துக்குக் காரணம் தேர். கேலக்ஸியில் தேர் கிடையாது. அங்கே கூட்டத்தைக் கூட்டுவது கூட்டமேதான். நட்சத்திரங்கள் கொஞ்சம் நெருங்கிய இடத்தில் ஈர்ப்பு கொஞ்சம் கூடுகிறது, கூடிய ஈர்ப்பு வருகிற நட்சத்திரங்களின் பாதையைக் கொஞ்சம் வளைத்து அங்கே அதிக நேரம் தங்கவைக்கிறது, அவை தங்குவதால் நெருக்கம் தொடர்கிறது. நெருக்கம் என்றதும் நெரிந்து கிடப்பதாக நினைக்க வேண்டாம். நம் கேலக்ஸியில் கைக்குள் நட்சத்திரங்களின் மொத்த எடை வெளியே இருப்பதைவிடப் பத்து, இருபது சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். படத்தில் பளிச்சென்று தெரிவதற்குக் காரணம் வேறு, அதற்கு வருகிறேன்.

இந்தக் கூட்டம் ஏன் சுருள் வடிவத்தில் சேர வேண்டும்? ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள். நடுவில் ஒரு சின்ன நீள்வட்டம், அதாவது கொஞ்சம் நசுங்கிய வளையல் மாதிரி, வரையுங்கள். அதற்கு வெளியே கொஞ்சம் பெரியதாக இன்னொன்று, ஆனால் பத்து டிகிரி திருப்பி. அடுத்தது இன்னும் பெரியது, இன்னும் பத்து டிகிரி திருப்பி. பத்துப் பன்னிரண்டு வளையம் வரைந்ததும் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் சில இடத்தில் நெருங்கும், சில இடத்தில் விலகும். நெருங்குகிற இடங்கள் சேர்ந்து இரண்டு சுருள் கையாகத் தெரியும். கை என்று எதையும் நீங்கள் வரையவில்லை, வளையங்களைத்தான் வரைந்தீர்கள்.

நட்சத்திரங்களின் பாதையும் இந்த நசுங்கிய வளையம் போன்றதுதான். எந்த நட்சத்திரமும் சரியான வட்டத்தில் போவதில்லை. சுற்றும்போதே கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே என்று ஊசலாடிக்கொண்டே போகும். வேகம் எங்கும் ஒன்றாக இருக்கிற கேலக்ஸியில் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.4 ஊசல் வரும். முழு எண் இல்லாததால் பாதை மூடாது, ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்துகொண்டே போகும். ஆனால் நீங்கள் மெதுவாகச் சுழலும் ஒரு மேடையில் நின்று அதைப் பார்த்தால், சரியான மேடை வேகத்தில், ஒரு சுற்றுக்கு இரண்டு ஊசலாகத் தெரியும், பாதை அழகாக மூடிய நீள்வட்டம் ஆகிவிடும். அந்த மேடை நட்சத்திரத்தின் சுற்றும் வீதத்தில் 0.3 பங்கு வேகத்தில் சுழன்றால் போதும். அதாவது நட்சத்திரம் ஓடுவது வேகமாக, அது ஓடும் நீள்வட்டம் திரும்புவது மிக மெதுவாக.

சூரியன் இருக்கும் தூரத்தில் நட்சத்திரம் 21 கோடி ஆண்டில் சுற்றுகிறது, அதன் நீள்வட்டம் திரும்பி வர 73 கோடி ஆண்டு ஆகும். 13,000 ஒளியாண்டில் அதே கணக்கு 36 கோடி வரும். ஸ்வீடன் வானியலாளர் பெர்டில் லிண்ட்பிளாட் இதைக் கவனித்தார். நட்சத்திரங்களைப் பார்த்தால் முறுக்கு வேகமாக ஏறுகிறது, நீள்வட்டங்களைப் பார்த்தால் ரொம்ப மெதுவாகத்தான் ஏறுகிறது. நம் ஆயிரம் கோடி ஆண்டில் 46 முறுக்கு 14ஆகக் குறைகிறது. ஆனால் 14உம் அதிகம்தான், கணக்கு இன்னும் முடியவில்லை. மிச்சத்தை நெருக்கத்தின் சொந்த ஈர்ப்பு சரிசெய்யலாம் என்று 1964இல் சி. சி. லின், ஃபிராங்க் ஷு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பக்கத்துப் பக்கத்து நீள்வட்டங்கள் ஒன்றையொன்று இழுத்து, எல்லாம் ஒரே வீதத்தில் திரும்பும்படி பூட்டிக்கொள்ள முடியும். அந்த ஒரே வீதம்தான் கையின் சுழற்சி வீதம்.

இதை ஒரு நட்சத்திரத்தை வைத்துப் பார்ப்போம். மையத்திலிருந்து சுமார் 16,000 ஒளியாண்டில் இருக்கிறது. அதன் ஒரு சுற்று 13.4 கோடி ஆண்டு. கைகளின் அமைப்பு ஒரு சுற்று சுற்ற 24.6 கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்கிறேன். அளவீடுகள் காட்டும் வரம்புக்குள் வரும் ஒரு மதிப்பு இது. அப்படியானால் அந்த நட்சத்திரம் கையைவிட நொடிக்கு 105 கி.மீ. அதிக வேகத்தில் பின்னாலிருந்து வருகிறது. பெரிய கைகள் இரண்டு என்றால், ஒன்றை விட்டு அடுத்ததை அடைய ஏறத்தாழ 15 கோடி ஆண்டு ஆகும்.

வாயுவுக்கு இந்த நுழைவு அவ்வளவு சாதுவாக முடிவதில்லை. கை சாய்வாக, வட்டத்தோடு சுமார் 12 டிகிரிக் கோணத்தில் இருப்பதால், அந்த 105இல் கையைக் குறுக்கே வெட்டும் பங்கு நொடிக்கு 22 கி.மீ.தான். சின்ன எண் மாதிரி இருக்கிறது. ஆனால் அந்த வாயுவில் ஒரு அழுத்தம் பரவும் வேகம் சுமார் 10 கி.மீ.தான். முன்னால் நெரிசல் என்ற சேதி போய்ச் சேர்வதற்குள் வாயுவே போய் மோதிவிடுகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் நிறைய இருப்பதால் அவை மோதுவதில்லை. வாயு மட்டும் சட்டென்று அமுங்குகிறது, தூசி திரள்கிறது, மேகங்கள் சுருங்கிப் புது நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

பளிச்சென்று தெரிவதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. பிறப்பவற்றில் மிகப் பெரிய நீல நட்சத்திரங்கள் ஒரு கோடி ஆண்டுகூட வாழ்வது அரிது. அந்த ஒரு கோடி ஆண்டில் நம் கணக்குப்படி அவை கைக்குக் குறுக்கே 700 ஒளியாண்டு சொச்சம்தான் போக முடியும். கையைத் தாண்டுவதற்குள் வெடித்து முடிந்துவிடும். சூரியனைப் போன்ற சின்ன நட்சத்திரங்கள் நிதானமாகத் தாண்டிப் போய், கைகளுக்கு நடுவே இருட்டாகத் தெரிகிற இடத்தில் பரவிவிடும். அந்த இடம் காலி இல்லை, பெரிய விளக்குகள் இல்லை, அவ்வளவுதான். படத்தில் நாம் "கை" என்று பார்ப்பது பெரும்பாலும் பிறந்த வீட்டைவிட்டு வெளியேறாமலே செத்துப்போகிற நட்சத்திரங்களின் ஒளி.

இது சரியான கதையானால் கையின் குறுக்கே ஒரு வரிசை தெரிய வேண்டும். வாயு நுழைகிற உள்பக்க ஓரத்தில் கறுப்புத் தூசிக் கோடு, அதை ஒட்டிப் புது நட்சத்திரங்கள் ஒளிரவைக்கும் சிவப்பு வாயுத் திட்டுகள், அப்புறம் நீல நட்சத்திரங்கள். நட்சத்திரங்கள் ஒட்டிய தடியில் இப்படி வரிசை வரக் காரணமே இல்லை. இதைப் பார்க்க நமக்கென்றே ஒரு கேலக்ஸி இருக்கிறது: எம்83. 1752இல் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர் நம் கேப் டவுனிலிருந்துதான் இதைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ 1.5 கோடி ஒளியாண்டு தூரம். மே கடைசியில் இரவு 9 மணி வாக்கில் இது டர்பனுக்கு நேர் உச்சியில் நிற்கும், கழுத்து வலிக்கிற அளவுக்கு நேர் மேலே. அதன் பெரிய புகைப்படத்தில் தூசிக் கோடு கைகளின் உள்ஓரத்தை ஒட்டிப் போவது நன்றாகத் தெரியும். ஆனால் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: எல்லாக் கேலக்ஸியிலும் இந்த வரிசை இவ்வளவு ஒழுங்காக இல்லை. அளந்து பார்த்த சிலவற்றில் எதிர்பார்த்த இடைவெளி கிடைக்கவே இல்லை.

நம் சொந்தக் கைகளைப் பார்க்கவும் தென்னாப்பிரிக்காவில் இருப்பது ஒரு வசதி. நாங்கள் அண்டர்பெர்க் பக்கம் இருட்டைத் தேடிப் போவோம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருஷங்களில் அந்தப் பயணமும் தேவைப்படவில்லை, வீட்டு முற்றமே போதுமாக இருந்தது. ஏப்ரல், மே மாத முன்னிரவில் தெற்கே திரிசங்குவைப் பிடியுங்கள். அதற்கு வலப்பக்கம் மேலே பால்வீதியில் ஒரு வெளிச்சத் திட்டு வெறும் கண்ணுக்கே தெரியும், கரீனா நெபுலா. 7,500 ஒளியாண்டு தூரம். அங்கே பார்க்கும்போது நீங்கள் சாகிட்டேரியஸ்-கரீனா கையை அதன் நீளவாக்கில், ஒரு தெருவை அதன் முனையில் நின்று பார்ப்பதுபோலப் பார்க்கிறீர்கள். அதனால்தான் அந்தப் பக்கம் அவ்வளவு அடர்த்தி. அந்த நெபுலாவை ஒளிரவைக்கும் பெரிய நட்சத்திரங்களின் வயது சில பத்து லட்சம் ஆண்டுதான்.

இப்போது திரிசங்குவின் இடப்பக்கம் ஹடார், சுட்டும் இரண்டில் திரிசங்குவுக்கு அருகில் இருப்பது. ஹடார் நமக்குப் பக்கத்து நட்சத்திரம்தான், ஆனால் அதற்குப் பின்னால், அதே திசையில், ஸ்கூட்டம்-சென்டாரஸ் கை நீளவாக்கில் கிடக்கிறது. கண்ணுக்கு இரண்டு திசையும் ஒரே மாதிரிக் கைகள்தான். அகச்சிவப்பில் பழைய நட்சத்திரங்களை எண்ணியபோது வித்தியாசம் தெரிந்தது. சென்டாரஸ் பக்கம் பழைய நட்சத்திரங்களும் கூடியிருக்கின்றன. சாகிட்டேரியஸ்-கரீனா கையில் அப்படிக் கூட்டம் தெரியவில்லை. அங்கே இருப்பது பெரும்பாலும் வாயுவும் புது நட்சத்திரங்களும்தான். எனக்கு இது மிகவும் பிடித்த சான்று. கை என்பது நட்சத்திரங்களால் ஆன பொருளாக இருந்தால், நட்சத்திரக் கூட்டமே இல்லாமல் ஒரு கை இருக்க முடியாது. அலைக்கு வாயு மிகக் கூர்மையாகப் பதில் கொடுக்கும் என்றால் இருக்க முடியும்.

கைக்கும் நட்சத்திரத்துக்கும் வேகம் ஒன்றாகும் தூரம் ஒன்றும் இருக்கும். அதற்கு உள்ளே நட்சத்திரம் கையை முந்தும், வெளியே கை நட்சத்திரத்தை முந்தும். நம் சூரியன் அந்தத் தூரத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதாகப் பல அளவீடுகள் காட்டுகின்றன. என் கணக்கில் எடுத்த 24.6 கோடியும் நம் 21.4 கோடியும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள். இரண்டு பேர் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் நடந்தால் ஒருவர் மற்றவரைத் தாண்ட எத்தனை நேரம் ஆகும் என்பது சின்ன வித்தியாசத்தில்கூடத் தாறுமாறாக மாறும். சூரியன் கைகளைக் கடக்கும்போதெல்லாம் பூமியில் உயிரினங்கள் அழிந்தன என்று தேதி போட்டு வரும் கட்டுரைகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம். கை வேகத்தைக் கொஞ்சம் மாற்றினால் எந்தத் தேதியும் வரும்.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. லின், ஷு சொன்னது நூற்றுக்கணக்கான கோடி ஆண்டுகள் மாறாமல் நிற்கும் ஒரே அலை. 1969இல் அலார் டூம்ரே என்ற ஆராய்ச்சியாளர் அதில் ஒரு ஓட்டையைக் காட்டினார்: இப்படிப்பட்ட அலை ஓரிடத்தில் நிற்காது, அதன் சக்தி தட்டின் ஊடாக நகர்ந்து சில பத்துக் கோடி ஆண்டில் கரைந்துவிடும். அதைத் தொடர்ந்து புதுப்பிக்க ஏதாவது வேண்டும். கேலக்ஸியின் நடுவில் நட்சத்திரங்கள் நீளமாகத் திரண்டிருக்கும் பட்டை செய்யலாம், பக்கத்துக் கேலக்ஸி ஒன்றின் இழுப்பு செய்யலாம். கணினியில் லட்சக்கணக்கான நட்சத்திரங்களை விட்டுப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு கை தோன்றி, சில சுற்றுகள் இருந்து, உடைந்து, வேறொன்று முளைக்கிறது. சில கணினி ஓட்டங்களில் கை தன் ஒவ்வொரு பகுதியிலும் அங்கிருக்கும் நட்சத்திரங்களின் வேகத்திலேயே சுற்றி, அதனாலேயே சீக்கிரம் முறுக்கி அறுந்துபோகிறது. பால்வீதியில் நடப்பது நீண்ட நாள் அலையா, வந்து வந்து போகிற அலைகளா என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இரண்டு கட்சி. நான் வந்து போகிற பக்கம் சாய்கிறேன். எந்தக் கட்சியிலும் தடிக்கு இடமில்லை.

எம்83ஐப் பார்க்கக் கிளம்பினால் ஒன்று சொல்லிவிடுகிறேன். என் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் டர்பன் வெளிச்சத்தில் அது வெறும் புகை மாதிரித்தான் தெரிந்தது. அண்டர்பெர்க்கில் நிலா இல்லாத இரவில், கண்ணை இருட்டுக்கு அரை மணி நேரம் பழக்கி, நேராகப் பார்க்காமல் ஓரக் கண்ணால் பார்த்தபோது நடுவில் ஒரு பட்டை தெரிந்தது. அதன் ஒரு முனையிலிருந்து ஏதோ வளைந்து போனது. அது கைதானா என்று கூட வந்தவரிடம் கேட்டேன். அவர் எதிர்ப்பக்கம் வளைவதாகச் சொன்னார்.